சந்துக்கடைக்குப் பழைய லேசரா, இங்க் டேங்க்கா?

விண்ணப்பம் நிரப்பி அச்செடுத்துத் தரும் கடைக்குப் பழைய மடிக்கணினியுடன் எந்த அச்சுப்பொறியை வாங்குவது என்று கேட்போருக்கு, ஸ்கேனருடன் கூடிய கருப்பு வெள்ளை லேசரையே நான் பரிந்துரைப்பேன். அதன் டோனர் வாரக்கணக்கில் பயன்படாமல் இருந்தாலும் உலராது; மழையில் நனைந்த தாளிலும் எழுத்து கரையாது. இங்க் டேங்க்கில் பக்கச் செலவு குறைவு, பாஸ்போர்ட் அளவுப் படமும் அச்சிடலாம். ஆனால் சில வாரங்கள் சும்மா கிடந்தால் மைமுனை அடைத்துக்கொள்ளும்.

வாங்கும்போது லேசரில் பத்துப் பக்கம் அச்சிட்டு, எழுத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். தூள் உதிர்ந்தால் சூடாக்கும் பகுதி பழுதாகியிருக்கலாம், அதைச் சரிசெய்யும் செலவு பெரிது. தாள் இரண்டிரண்டாக இழுபட்டால், தாளைப் பிரிக்கும் ரப்பர் பகுதி தேய்ந்திருக்கலாம். அது எளிதில் மாற்றக்கூடியது. இங்க் டேங்க்கில் முனைச் சோதனைப் பக்கத்தில் கோடுகள் விடுபட்டு, இருமுறை சுத்தம் செய்தும் திரும்பாவிட்டால் வாங்க வேண்டாம்.

லேசருக்கு ஒரு குறை உண்டு: சூடாகும்போது பல நூறு வாட் இழுப்பதால், சிறிய யுபிஎஸ்ஸில் அதை இணைக்கக் கூடாது. மின்தடையின்போது மடிக்கணினியில் படிவத்தை மட்டும் நிரப்பி வைத்துவிட்டு, மின்சாரம் வந்தபின் அச்சிடலாம்.