ஷட்டரை 1/50-ல் பூட்டி வைத்த நாலு வருஷம்

ஒரே மிரர்லெஸ் கேமராவில் நாலு வருஷமாக வீடியோ எடுக்கிறேன். பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷம், எப்போதாவது காசுக்கு. முதல் கல்யாணத்திலேயே ஒரு சொதப்பல். வாசலில் மாப்பிள்ளை அழைப்பு, நல்ல வெயில். ஃபோட்டோவுக்கு வைத்திருந்த 1/1000 ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் வெளிச்சம் விழும் அமைப்பு, அப்படியே இருந்ததைக் கவனிக்காமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டேன். கேமராத் திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வீட்டில் டிவியில் போட்டதும், "என்னண்ணே, தவில்காரர் திக்கித் திக்கி வாசிக்கிறாரு?" என்று தம்பி சிரித்தான்.

ஓரிடத்தில் நிறுத்திப் பார்த்தேன். தவில் குச்சி கத்தி மாதிரி கூர்மையாக நின்றது. அடுத்த ஃப்ரேமிலும் அதே கூர்மை, ஆனால் குச்சி ஒரு சாண் தள்ளி இருந்தது. நடுவில் அது போன வழி எதிலும் பதிவாகவில்லை. அதனால்தான் கண்ணுக்கு வெட்டு வெட்டாகத் தெரிகிறது. எடிட்டிங்கில் செயற்கையாக மங்கலைச் சேர்த்துப் பார்த்தேன். குச்சியோடு விரல்களும் சேர்ந்து குழம்பிப்போயின.

இதற்கான விதி ஃபிலிம் காலத்தது. அந்தக் கேமராக்களில் ஷட்டர் ஒரு சுழலும் வட்டு. அதில் பாதி வட்டம், அதாவது 180 டிகிரி, திறந்திருக்கும். அதனால் ஒவ்வொரு ஃப்ரேமின் நேரத்திலும் பாதிதான் வெளிச்சம் விழும். நம் கணக்கில் சொன்னால், ஃப்ரேம் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கு, அதுதான் ஷட்டர். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 1/50. ஸ்லோ மோஷனுக்கு 50 ஃப்ரேம் வைத்தால் 1/100. 24 ஃப்ரேமுக்கு 1/48 வரவேண்டும். பல கேமராக்களில் அது இருக்காது, 1/50 போதும்.

நான் 25 ஃப்ரேமிலேயே இருப்பதற்கு மண்டபத்து விளக்கும் காரணம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/50-ம் 1/100-ம் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும். யூடியூபில் பார்த்துவிட்டு 30 ஃப்ரேம், 1/60 வைத்த ஒரு சாயங்காலம், சுவரில் மங்கலான பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தன. 30 ஃப்ரேம்தான் வேண்டுமென்றாலும் இங்கே ஷட்டரை 1/50-ல் வையுங்கள்.

ஷட்டர் இப்படிப் பூட்டிக்கொண்டால் வெளிச்சத்தைச் சரிசெய்ய மிச்சம் இருப்பது லென்ஸின் திறப்பான அபர்ச்சரும், வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டணும் என்று சொல்லும் ஐஎஸ்ஓவும்தான். மண்டபத்துக்குள் சிக்கலில்லை. என் லென்ஸில் f/2.8, ஐஎஸ்ஓ 1600 அளவில் வேலை முடிந்துவிடும். f/1.8 ஆசை காட்டும். ஆனால் கிட்டப் போய் எடுத்தால் பொண்ணு முகம் தெளிவாக இருக்கும், பக்கத்தில் அரையடி பின்னால் உட்கார்ந்த மாப்பிள்ளை மங்கிவிடுவார். ஐஎஸ்ஓவை ஏற்றப் பயந்து இருட்டாக எடுத்து, பிறகு எடிட்டில் தூக்கியதும் உண்டு. அதில் வந்த புள்ளி, நேராக ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்ததைவிட மோசம். ஆட்டோ ஐஎஸ்ஓ வேண்டாம். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் குறுக்கே போனாலே படம் மங்கி மீளும்.

உண்மையான தொல்லை வெயில். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்றால் அபர்ச்சரை f/22 வரை மூடவேண்டும். அவ்வளவு மூடினால் படம் மொத்தமும் கொஞ்சம் கூர்மை இழக்கிறது, ஆனால் பின்னணி தனியாக மங்காமல் பிளெக்ஸ் பேனர் எழுத்து வரை வாசிக்க முடிகிறது. எனக்கு வேண்டியது f/2.8. 22-லிருந்து 16, 11, 8, 5.6, 4, 2.8 என்று ஆறு படி. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரட்டிப்பாகும், ஆக 64 மடங்கு அதிகம். அதை வெளியிலேயே தடுக்க லென்ஸின் முன்னால் என்டி 64 ஃபில்டர். கேமராவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டுவதுதான். பிறகு எடிட்டில் நிறம் சேர்க்க வசதியாக வெளிறிய படமாகப் பதியும் லாக் ப்ரொஃபைலில் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். சில கேமராக்களில் அதன் குறைந்தபட்ச ஐஎஸ்ஓவே 800. அது இன்னும் மூன்று படி, 64 போதாது.

முதலில் வாங்கியது திருகினால் கறுப்பு கூடும் விலை மலிவான வேரியபிள் என்டி. வசதிதான், ஆனால் வைட் லென்ஸில் கடைசிவரை திருகினால் வானத்தில் பெரிய X மாதிரி நிழல் விழும். தோல் நிறமும் பச்சையடித்தது. இப்போது தனித்தனி 8, 64 இரண்டும் பையில். நிழலுக்குப் போனால் கழற்றி மாட்டும் நேரத்தில் ஒரு ஷாட் போகும், பரவாயில்லை.

பழைய சொதப்பல் திரும்பாமல் இருக்க 25 ஃப்ரேம், 1/50 இரண்டையும் டயலில் C1-ல் சேமித்துவிட்டேன். ஃபோட்டோவிலிருந்து அங்கே திருப்பினால் போதும். இன்னும் தீராதது மேடை எல்இடி லைட்டுகள்தான். சிலவற்றின் துடிப்பு மின்சாரத்தோடு சேராமல் அதன் போக்கில் இருக்கும், 1/100 போட்டாலும் பட்டை நிற்காது. அந்த மாதிரி மண்டபத்தில் லைட்காரரைத் தேடிப்போய், "அண்ணே, டிம் பண்ணாம முழுசா எரிய விடுங்க" என்று கேட்பேன். பாதி நாள் அது வேலை செய்கிறது.