கம்பெனி தலைப்பா, கைடு தலைப்பா, பதிவேட்டிலிருந்து எடுத்த தலைப்பா?

சேலத்தில் எம்.பி.ஏ. படிக்கிறவர்களுக்கு இன்டர்ன்ஷிப்பும் ப்ராஜெக்ட்டும் ஒன்றாகவே வந்து சேரும். போகிற இடத்திலேயே ஆய்வறிக்கைக்கும் விஷயம் தேட வேண்டும், கையெழுத்து போடுவது மட்டும் கல்லூரி கைடு. தலைப்பு எடுக்க மூன்று வழி உண்டு. கம்பெனி எச்.ஆர். கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம், கைடு செய்துகொண்டிருக்கும் ஆய்வில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கலாம், அல்லது போன இடத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பதிவேட்டைப் பார்த்து அதற்குள்ளிருந்து ஒரு கேள்வியைக் கிளப்பலாம். ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் இருந்தபோது நான் மூன்றாவது வழியில் போனேன். அதனால் என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், தெரிந்தே படியுங்கள்.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "ஊழியர்களின் பணி மனநிறைவு பற்றிய ஓர் ஆய்வு", நூற்றுச் சொச்சம் கேள்வித்தாள், சதவீத அட்டவணை, கடைசியில் ஒரு கை-ஸ்கொயர். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, ஊழியர் எல்லாக் கட்டத்திலும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் அடித்துக் கொடுப்பார். வேலை சீக்கிரம் முடியும், அனுமதிக்கு அலைய வேண்டாம், கைடும் மறுக்க மாட்டார். வேறு எதையும் தொட விடாத கம்பெனி என்றால் அதையே செய்யுங்கள், குற்றமில்லை. ஆனால் அதே தலைப்பு துறை நூலகத்தில் பத்து அட்டையிலாவது இருக்கும். வெளித் தேர்வாளர் முன்னுரையைக்கூடப் புரட்ட மாட்டார்.

கைடு கொடுக்கும் தலைப்பு வேறு ரகம். அதில் உண்மையிலேயே லாபம் இருக்கிறது. முந்தைய ஆய்வுகள் எல்லாம் அவர் கையிலேயே இருக்கும், கேள்வித்தாள் சோதித்துப் பார்த்ததாக இருக்கும், நீங்கள் அனுப்பும் அத்தியாயம் அவருக்கும் தேவை என்பதால் உடனே படித்துத் திருப்பித் தருவார். கைடு பத்து மாணவரை வைத்துக்கொண்டு திண்டாடும் துறையில் இந்தக் கடைசி விஷயம் சாதாரணமல்ல.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அவர் கேள்விக்கும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும், நீங்கள் அங்கே இருக்கும் மாதத்துக்கும் பொருத்தம் இல்லாதபோது. என் வகுப்புத் தோழி ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் இருந்தாள். அவள் கைடின் ஆர்வம் அறுவடைக் கூலியாட்கள் பற்றாக்குறை. நல்ல கேள்விதான். ஆனால் சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிப்பது கார்த்திகை, மார்கழி, தை. கோடையில் போகிறவள் பார்ப்பது பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்த செடியை. பறிப்பு ஆட்களே இல்லாத மாதத்தில் பறிப்பு ஆட்களைப் பற்றி என்ன எழுத? கடைசியில் எஸ்டேட் ஆபீஸில் இருந்த பழைய செக்ரோல்தான் கை கொடுத்தது. எந்த நாளில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், ஆளுக்கு எத்தனை கிலோ பறித்தார்கள் என்று தினமும் அதில் எழுதி வைத்திருந்தார்கள். அதாவது கைடு தலைப்பும் பதிவேடு இருந்ததால்தான் பிழைத்தது. கைடிடமே முன்பு சேகரித்த தரவு இருந்து, அதில் ஒரு பகுதியை உங்களுக்குக் கொடுக்கிறார் என்றால் கதை வேறு. அப்போது நான் இரண்டாவது வழியையே சொல்வேன்.

இனி என் பக்கம். சேகோ ஆலைக்குக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கிழங்கு லாரியிலும் டிராக்டரிலும் வரும். எடைமேடையில் லோடோடு எடை பார்ப்பார்கள். பிறகு சாம்பிள் எடுத்து, காற்றில் ஒரு எடையும் தண்ணீருக்குள் ஒரு எடையும் பார்த்து மாவுச்சத்தைக் கணக்கிடுவார்கள். அதைத்தான் 'பாயிண்ட்' என்பார்கள். விலை பாயிண்டின் மேல் நிற்கும். பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 28 பாயிண்ட் கிழங்கு டன் 8,400. ஒரு பாயிண்ட் குறைந்தால் 10 டன் லோடுக்கு விவசாயிக்கு 3,000 ரூபாய் போச்சு. எனவே ஆலை வாசலில் சண்டை என்று ஒன்று வந்தால் அது பாயிண்டில்தான் வரும்.

அதைப் பார்த்த யாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி, 'கிழங்கு பிடுங்கியதிலிருந்து எத்தனை மணி நேரம் தாமதமானால் எத்தனை பாயிண்ட் குறைகிறது?' என்பதுதான். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும் சரக்கு, அதனால் கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. என் கைடு மேடம் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, உன் எக்செல்ல ஒரு வரின்னா என்ன? அந்த வரியில எந்தெந்தக் கட்டம் இப்பவே நிரம்பியிருக்கு?"

இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தால் பாதித் தலைப்புகள் அங்கேயே விழுந்துவிடும். என்னுடையதில் ஒரு வரி என்பது ஒரு லோடு. பாயிண்ட் எழுதியிருக்கிறது, வண்டி வந்த நேரம் இருக்கிறது. கிழங்கு பிடுங்கிய நேரம் எங்கேயும் இல்லை. டிரைவரைக் கேட்டால் "காத்தால" என்பார். போதாததற்கு முள்ளுவாடி, குங்குமரோஸ், தாய்லாந்து என்று ரகத்துக்கு ரகம், செடியின் வயதுக்கு வயது மாவுச்சத்து மாறும். பாயிண்ட் குறைந்தது தாமதத்தாலா ரகத்தாலா என்று பிரிக்க வழியில்லை.

சரி, ஆலைக்குள் காத்திருந்த கிழங்கில் மாவு குறைவாகக் கிடைக்கிறதா என்று கேட்கலாமே? அங்கே வரியே உடைந்துபோகிறது. தோல் சீவி, அரைத்து, பால் வடிகட்டி, தொட்டியில் தேங்க விடும்போது பல லோடு கிழங்கு ஒன்றாகக் கலந்துவிடும். எந்த லாரியின் கிழங்கு எவ்வளவு மாவு கொடுத்தது என்று அந்தத் தொட்டியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஒரு வரியை ஒரு நாள் என்று மாற்றினாலும் இன்று அரைத்தது நாளைதான் தொட்டியிலிருந்து வரும், ஜவ்வரிசியாக மூட்டை கட்டுவது வெயிலைப் பொறுத்து அதற்கும் பிறகு.

பாயிண்ட் பார்ப்பவர் மாறினால் பாயிண்ட் மாறுகிறதா என்ற கேள்வியும் வந்தது. தரவு கிடைத்திருக்கும், வரியும் சுத்தம். ஆனால் 'ஆமாம், மாறுகிறது' என்று பதில் வந்துவிட்டால் எந்த முதலாளி அதை அச்சடிக்க விடுவார்? விடை இப்படி வந்தாலும் அப்படி வந்தாலும் அவர் தாங்குவாரா என்பதையும் தலைப்பு எடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

மிஞ்சியது எடைமேடைச் சீட்டு. அதில் லோடு எடைக்கு ஒரு நேரம், கிழங்கைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது எம்ப்டி எடைக்கு ஒரு நேரம் என இரண்டும் தேதியோடு தானாகவே அச்சாகியிருக்கும். காலை 11:40-க்கு உள்ளே, மதியம் 2:05-க்கு வெளியே என்றால் 145 நிமிடம். யாரையும் கேட்க வேண்டாம், யாரும் பொய் சொல்லவும் முடியாது. அதிலிருந்து வந்த கேள்வி: 'வண்டி ஆலைக்குள் கழிக்கும் நேரம் கூடுவதற்குக் காரணம் வண்டிகள் ஒரே நேரத்தில் குவிவதா, கொட்டும் வேலையே மெதுவாக நடப்பதா?' எந்த விடை வந்தாலும் முதலாளிக்கு உபயோகம், யாருக்கும் தலைகுனிவு இல்லை.

இதில் அழகு என்னவென்றால், ஒரு வண்டி நுழையும்போது முற்றத்தில் ஏற்கெனவே எத்தனை வண்டி நின்றது என்பதையும் அதே சீட்டுகளிலிருந்தே எடுத்துவிடலாம். இதற்கு முன் உள்ளே வந்து இன்னும் வெளியே போகாதவற்றை எண்ணினால் போதும். B-யில் உள்ளே வந்த நேரம், C-யில் வெளியே போன நேரம் என்றால்:

```
=COUNTIFS(B:B,"<"&B2,C:C,">"&B2)
```

கட்டத்தில் தேதியும் நேரமும் சேர்ந்தே இருக்க வேண்டும். நேரத்தை மட்டும் டைப் செய்தால் இரவு 10 மணிக்கு வந்து காலை 6-க்குப் போன வண்டி கணக்கில் மைனஸ் காட்டும். அப்படி இரவு தங்கும் வண்டிகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள் என்று மேடம் சொன்னார். அவை காத்திருப்பது வரிசையால் அல்ல, விடிந்தால்தான் கொட்ட ஆள் வரும் என்பதால். அவற்றைச் சேர்த்தால் சராசரி வீங்கிவிடும். பகல் வண்டிகளுக்கும் சராசரியை விட்டு இடைநிலை எண்ணைத்தான் எடுத்தோம். முற்றம் காலியாக இருக்கும்போது வந்த வண்டிக்கும் நேரம் அதிகமானால் கோளாறு கொட்டும் இடத்தில், நிற்கும் வண்டி கூடக் கூட நேரம் ஏறினால் கோளாறு வண்டிகள் குவிவதில். ஆய்வு மொத்தமும் இந்த ஒரு ஒப்பீட்டில் நின்றது.

அனுமதிக்கு ஒரு வார்த்தை. "தரவு வேண்டும்" என்று கடிதம் கொடுத்தால் முதலாளி பயப்படுவார், பயப்படத்தான் செய்வார். எந்த நான்கு கட்டம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விலைக் கட்டத்தைக் கேட்காதீர்கள், வண்டி எண்ணுக்குப் பதில் 1, 2, 3 என்று போடுவதாகவும் ஆலை பெயரை அறிக்கையில் போடப்போவதில்லை என்றும் அதிலேயே எழுதுங்கள். தலைப்புப் படிவம் கொடுக்கும் முன் ஒரே ஒரு நாள் சீட்டுக் கட்டை வாங்கி டைப் செய்து பாருங்கள். கிழிந்தது, மங்கியது, எம்ப்டி எடை போடாமலே போனது எல்லாம் அப்போதுதான் தெரியும். எடைமேடையில் இருந்த அண்ணன் பழைய கட்டுகளை எங்கே வைத்திருக்கிறார் என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

இந்த வழியின் குறை, முந்தைய ஆய்வுகள் அத்தியாயம் மெலிந்து போகும். சேகோ ஆலை வண்டி வரிசை பற்றி யார் எழுதியிருக்கிறார்கள்? சர்க்கரை ஆலைக் கரும்பு வண்டி, துறைமுக லாரி என்று சுற்றி வளைத்துத்தான் நிரப்ப வேண்டும். இந்த இடத்தில் கைடு தலைப்பு எடுத்தவர்கள் முன்னே போய்விடுவார்கள். பெரிய தொழிற்சாலை, வங்கி, ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் இது எவ்வளவு செல்லும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே எல்லாம் கணினிக்குள், ஒரு பக்கத்தைக்கூட வெளியே விட மாட்டார்கள் என்று போனவர்கள் சொல்லக் கேட்டதுதான். அப்படிப்பட்ட இடம் என்றால் முதல் வாரமே கேட்டுவிட்டு, முடியாது என்றால் படிவத் தேதிக்கு முன் கைடிடம் போய் நில்லுங்கள்.

படிவத்தில் தலைப்பை மட்டும் கொஞ்சம் அகலமாக எழுதுங்கள். என்னுடையது 'மரவள்ளி சார்ந்த ஆலையில் மூலப்பொருள் வரத்து மேலாண்மை' என்று போனது. தலைப்பை மாற்ற மறுபடி துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும், உள்ளே இருக்கும் கேள்வியைச் சுருக்கக் கைடின் சம்மதம் போதும்.