ஒட்டிவைத்த கியூஆரா, அனுப்பும் லிங்க்கா?

கடையில் பணம் வாங்க ஒட்டிவைக்கும் அச்சிட்ட கியூஆர் கோடில் பெரும்பாலும் இருப்பது உங்கள் கணக்கின் முகவரியும் பெயரும்தான். பொருள் வாங்குபவரே தொகையைத் தட்ட வேண்டும். எதிரே நிற்பவரிடம் இது போதும். பணம் வந்த சத்தம் கேட்டதும் பொருளைக் கொடுத்துவிடலாம்.

சிக்கல் வாட்ஸ்அப் ஆர்டரில்தான். ஒரே விலையுள்ள பையை மூன்று பேர் கேட்கிறார்கள், மூவருக்கும் அதே கியூஆர் படம் போகிறது. மாலையில் இரண்டு வரவுகள், அதில் ஒன்று ஆர்டர் செய்தவருடைய கணவரின் கணக்கிலிருந்து. யார் கட்டவில்லை? ஸ்க்ரீன்ஷாட் கேட்பீர்கள். அதைத் திருத்துவது இரண்டு நிமிட வேலை. உங்கள் கணக்கில் வந்த வரவுதான் சாட்சி.

பேமெண்ட் லிங்க் என்பது பணம் கட்டும் பக்கத்தைத் திறக்கும் இணைப்பு. அதை ஆர்டருக்கு ஒன்றாக உருவாக்கலாம். தொகை, ஆர்டர் எண், காலாவதி நாள் எல்லாம் அதிலேயே இருக்கும். யார் கணக்கிலிருந்து கட்டினாலும் அந்த ஆர்டருக்கு நேரே 'Paid' என்று மாறிவிடும். ஒருமுறை மட்டும் கட்டும் வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ஒருவரே இருமுறை கட்டிவிடலாம், அப்புறம் ரீஃபண்ட் தலைவலி. ஆனால் லிங்க் சேவை தரும் நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் பிடிப்பார்கள், பணமும் பெரும்பாலும் கொஞ்சம் தாமதமாகவே கணக்குக்கு வரும். தூரத்து ஆர்டர் என்றால் நான் லிங்க்தான் அனுப்புவேன். மேசைக்கு கியூஆர். ஸ்டிக்கரின் மேல் வேறொருவர் தன்னுடையதை ஒட்டிவிடவில்லையே என்று காலையில் ஒருமுறை ஸ்கேன் செய்து பெயரைப் பாருங்கள்.