திறந்த கேள்வியா, புரிதலைச் சொல்லிக் கேட்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்ட அலுவலகம் ஒன்றில், "ஏழாம் பிளாக் கணக்கைச் சீக்கிரம் சரிபார்த்து வை" என்று மேலாளர், கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிவிட்டு வெளியே கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கணக்கு, எப்போதைக்குள் என்பது அதில் இல்லை.

"எதைச் சரிபார்க்க வேண்டும், ஐயா?" என்று உடனே கேட்பது ஒரு வழி. அதில் நேரம் மிச்சம். ஆனால் யோசிக்கும் வேலை முழுவதும் மேலாளரிடமே திரும்பிப் போவதால், கேட்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற எண்ணம் எழுகிறது.

மற்றொரு வழி, தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோரின் பதிவேட்டைப் புரட்டிவிட்டு வந்து இப்படிக் கேட்பது: "ஐயா, மண்டோர் எழுதிய குலை எண்ணிக்கையை ஆலையின் எடைச்சீட்டுகளோடு ஒப்பிட்டு, வேறுபடும் நாள்களைக் குறித்து நாளை காலை தருகிறேன். சம்பளக் கணக்கையும் சேர்க்க வேண்டுமா?" இதில் வேலை தெரிந்தவர் என்பது கேள்வியிலேயே தெரிகிறது, மேலாளரும் ஒரு சொல்லில் திருத்திவிடலாம். பெரும்பாலும் நான் இதையே பரிந்துரைப்பேன்.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. அவசரத்தில் அவர் காதில் வாங்காமலே "சரி, சரி" என்றால், நம் ஊகமே உத்தரவாகிவிடும். ஆகவே வேலை, கெடு இரண்டையும் இரண்டு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பது நல்லது.

களைக்கொல்லியின் கலவை அளவு போன்றவற்றில் மட்டும் ஊகத்துக்கே இடமில்லை. அங்கே தயங்காமல் நேராகவே கேட்க வேண்டும்.