பஸ் தடத்தை கிராஃபாக வரைய மூன்று வழிகள்: எது எந்தக் கேள்விக்கு?

நிறுத்தம் என்றால் நோடு, இரண்டு நிறுத்தங்களை இணைக்கும் கோடு எட்ஜ். டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பில் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம். நோடு எது என்பதில் குழப்பமில்லை. எந்த இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே கோடு போடுவது என்பதில்தான் விடையே மாறிப்போகிறது.

சென்னை நிறுத்தங்களை வைத்து ஒரு சின்னக் கணக்கு. தடங்கள் மட்டும் நான் கற்பனையாக வகுத்தவை.

A: தி.நகர், சைதாப்பேட்டை, கிண்டி, வேளச்சேரி, தரமணி, திருவான்மியூர்
B: தி.நகர், நந்தனம், அடையாறு, பெசன்ட் நகர்
C: மயிலாப்பூர், அடையாறு, திருவான்மியூர்

தி.நகரிலிருந்து திருவான்மியூர் போக வேண்டும்.

முதல் வழியில், அடுத்தடுத்த நிறுத்தங்களுக்கு மட்டும் எட்ஜ். மொத்தம் 10 நோடு, 10 எட்ஜ். சாலை எப்படி ஓடுகிறதோ படமும் அப்படியே இருக்கும். இதில் BFS ஓட்டினால் நந்தனம், அடையாறு வழியாக 3 எட்ஜில் திருவான்மியூர் வந்துவிடும். A தடத்தில் 5 எட்ஜ் என்பதால் அது தோற்றுவிடும். ஆனால் அந்த 3 எட்ஜ் பாதையில் அடையாற்றில் இறங்கி C வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நிற்பவரிடம் கேட்டால், உட்கார்ந்தபடியே போகிற A போதும் என்பார். BFS எட்ஜ்களை மட்டும்தான் எண்ணும். வண்டி மாறுவது எந்த எட்ஜிலும் இல்லையே.

இரண்டாவது வழியில், ஒரே தடத்தில் இருக்கும் எந்த இரண்டு நிறுத்தங்களுக்கும் எட்ஜ். இப்போது தி.நகருக்கும் திருவான்மியூருக்கும் நேரடிக் கோடு வந்துவிட்டது, தூரம் 1. இங்கே ஒரு எட்ஜ் என்பது ஒரு வண்டி. BFS தரும் எண்ணில் ஒன்றைக் கழித்தால் எத்தனை முறை மாற வேண்டும் என்பது கிடைக்கும். இந்திய ரயில்வே வலையமைப்பைப் பற்றி 2003இல் வெளிவந்த ஒரு இயற்பியல் ஆய்விலும், ஏதாவது ஒரு ரயில் இரண்டு நிலையங்களிலும் நின்றால் அவற்றை இணைத்து இதே முறையில்தான் கோடு போட்டார்கள். செலவுதான் பிரச்சினை. நம் சின்னப் படத்திலேயே எட்ஜ் 24 ஆகிவிட்டது. 40 நிறுத்தம் உள்ள ஒரு தடத்துக்கு முதல் வழியில் 39 எட்ஜ், இதில் 780. போதாக்குறைக்கு, எந்த வண்டியில் ஏற வேண்டும் என்பதைக் கோட்டில் தனியாக எழுதி வைக்காவிட்டால் அதுவும் தொலைந்துவிடும்.

மூன்றாவது வழியில் தடமும் ஒரு நோடு. நிறுத்தங்கள் ஒரு பக்கம், தடங்கள் மறுபக்கம். அந்தத் தடம் நிற்கும் நிறுத்தத்துக்கு மட்டும் எட்ஜ். 13 நோடு, 13 எட்ஜ். 40 நிறுத்தத் தடத்துக்கும் 40 எட்ஜ்தான். தி.நகர், A, திருவான்மியூர் என்று பாதையிலேயே வண்டியின் பெயர் வந்துவிடும். நீளத்தைப் பாதியாக்கினால் வண்டிகளின் எண்ணிக்கை. வண்டி மாறுவதைக் குறைப்பதுதான் கேள்வி என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுப்பேன். ஒரு குறை உண்டு: நிறுத்தங்களின் வரிசை இதில் இல்லை. இரண்டாவது வழியிலும் இதே கதைதான். போகும்போது ஒரு தெரு, வரும்போது வேறு தெரு என்று ஓடும் தடமானால், எத்தனையாவது நிறுத்தம் என்ற எண்ணை எட்ஜோடு சேர்த்து வைக்க வேண்டும்.

`r` ஒரு தடத்தின் நிறுத்தப் பட்டியல், `name` அதன் பெயர் என்றால், மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்:

```python
from itertools import combinations

e1 = list(zip(r, r[1:]))
e2 = list(combinations(r, 2))
e3 = [(s, name) for s in r]
```

நிமிடம்தான் முக்கியம் என்றால் மறுபடி முதல் வழிக்கே வர வேண்டும். A தடத்தில் 8, 6, 9, 7, 5 என்று 35 நிமிடம். மற்ற பாதையில் 6, 10, 8 என்று 24. இந்த எண்களை எட்ஜ்களுக்கு எடையாகக் கொடுத்தால் டைக்ஸ்ட்ரா 24 என்று சொல்லும். அடையாற்றில் காத்திருக்கும் 15 நிமிடத்தைச் சேர்த்தால் உண்மையில் 39. A தான் முந்துகிறது.

அடையாறு நோடை இரண்டாகப் பிளந்தால் இது சரியாகும்: அடையாறு-B, அடையாறு-C. இரண்டுக்கும் நடுவே 15 எடையில் ஒரு எட்ஜ். இப்படி எல்லா நிறுத்தங்களையும் தடவாரியாகப் பிரித்தால் இங்கேயும் 13 நோடு வரும்.

மாணவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. தி.நகரும் இப்போது தி.நகர்-A, தி.நகர்-B என்று இரண்டாகிவிட்டது. தி.நகர்-B-யிலிருந்து மட்டும் தொடங்கினால், இன்னும் ஏறாத வண்டியிலிருந்து மாறியதாக 15 நிமிடம் சேர்ந்து A பாதை 50 ஆகிவிடும். 39 நிமிடப் பாதை ஜெயித்துவிடும். இரண்டு நோடுகளையும் தூரம் 0 என்று வைத்துத் தொடங்க வேண்டும். திருவான்மியூரிலும் A, C இரண்டு நோடுகளில் எது குறைவோ அதை எடுத்தால் 35 வரும். உங்கள் நிரலில் 39 வந்தால் முதலில் தொடக்க நோடுகளைப் பாருங்கள்.