மணியா, டைகரா, காட்டானா: வயல்வெளியின் அந்தக் கோடிக்கு எந்தப் பெயர் போய்ச் சேரும்?

காவலுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்ததும் வீட்டில் ஐந்து பெயர்கள் போட்டிக்கு நின்றன. அம்மாவுக்கு மணி. தம்பிக்கு டைகர். அண்ணிக்கு சீசர். எனக்குக் கருப்பன். ‘காவல்காரனுக்குப் பூட்டு என்று வைத்தால் என்ன?’ என்று கேட்டது அண்ணன் மகள். பக்கத்துக் காட்டுக்காரர் வேலியோரம் நின்று, “வல்லினமா வையுங்க, அதுதான் தூரத்துக்குக் கேக்கும்” என்றார்.

வல்லினம் என்றால் தூரம் போகும் என்று நாய் வளர்க்கிற எல்லாரும் சொல்வார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். சோதித்துப் பார்த்ததில், அது பாதிதான் உண்மை.

சோதனை எளியது. நல்ல வெயில் நேரம், காற்று தம்பி பக்கமிருந்து என் பக்கம் அடிக்கிறது. வேண்டுமென்றே அந்த நேரத்தைப் பிடித்தேன். விடிகாலையில் தரையோரக் காற்று குளிர்ந்திருப்பதால் குரல் நிலத்தை ஒட்டி வளைந்து போகும், எந்தப் பெயரும் கேட்கும். உச்சி வெயிலிலும் எதிர்காற்றிலும் குரல் மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். பெயர் தோற்பது அப்போதுதான். தம்பி கையில் ஒரு நோட்டு. பட்டியலைத் தாறுமாறாக மாற்றி, நடுவில் சம்பந்தமே இல்லாத நாலு சொற்களையும் கலந்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை கூப்பிட்டேன். காதில் விழுந்ததை அப்படியே எழுதுவது அவன் வேலை. முதலில் 50 மீட்டர், அப்புறம் 100, அப்புறம் 200.

ஐம்பதில் சீசர் மட்டும் கொஞ்சம் தடுமாறியது, ‘ஈசர்?’ என்று எழுதியிருந்தான். நூறில் பூட்டு ‘ஊட்’ ஆனது, மணி ‘அண்ணி’ ஆனது. இருநூறில் சீசரும் பூட்டும் மணியும் காணாமலே போயின. டைகர் ‘ஐ… அ’ என்று வந்திருந்தது. கருப்பனை நான் கூப்பிட்டது ‘கருப்பா’ என்றுதான்; அதற்கு எதிரே ‘அப்பா?’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சிரிப்பும் வரைந்திருந்தான்.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு யோசித்தால் விஷயம் புரிகிறது. தூரம் போவது மெய் அல்ல, உயிர். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் இறங்கும். ஒரே ஆள் ஒரே மூச்சில் பேசும்போதே, வாயை அகலத் திறந்து சொல்லும் ‘ஆ’வுக்கும் ‘ஃப்’ மாதிரி மெலிந்த மெய்க்கும் 20 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருக்கும். கணக்குப் போட்டால், 200 மீட்டரில் ‘ஆ’ எவ்வளவு கேட்கிறதோ அந்த அளவுக்கு ‘ஃப்’ கேட்க வேண்டுமென்றால் 20 மீட்டருக்குள் வந்துவிட வேண்டும். சீசரில் வரும் ‘ஸ்’ இதைவிடப் பலமானதுதான். ஆனால் இலை சலசலப்பும் காற்றின் சீறலும் அதே ‘ஸ்ஸ்’ ஆகவே இருப்பதால், அதற்குள் கலந்து கரைந்துவிடுகிறது. அண்ணியிடம் இதைச் சொன்னேன். நாய்க்கு நம்மைவிடக் காது கூர்மையாயிற்றே என்றார். கூர்மைதான், நமக்கு எட்டாத உச்ச ஒலிகள்கூட அதற்குக் கேட்கும். ஆனால் அதன் காதோரமும் அதே காற்றுதான் அடிக்கிறது.

அப்படியானால் வல்லினம் எதற்கு? வெட்டுவதற்கு. ‘ட்ட’, ‘ப்ப’, ‘க்க’ என்று இரட்டிக்கும்போது ஒரு நொடிப் பொழுது சத்தம் முழுக்க அடைபட்டு மறுபடி திறக்கிறது. அந்த அடைப்பு, அந்தச் சின்ன மௌனம், 200 மீட்டரிலும் தெரிகிறது. தம்பி ‘கரு’வைத் தொலைத்தான், ‘ப்பா’வைத் தொலைக்கவில்லை. டைகரில் நடுவில் வருவது ஒற்றைக் ககரம். பேச்சில் அது குழைந்துவிடுவதால் வெட்டு விழவில்லை. மணியில் வெட்டே கிடையாது. இரண்டும் மெல்லினம், முதல் உயிர் குறில், கடைசி ‘இ’யை நீட்டினாலும் வாய் குறுகியே இருப்பதால் ‘ஆ’ அளவுக்குப் பலம் வராது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

பூட்டு பாவம், நல்ல பெயர். ஆரம்பம் நெடில், நடுவில் இரட்டை ட். கடைசியில் இருப்பது குற்றியலுகரம். அரை மாத்திரைக்கு மேல் அதற்கு உயிர் இல்லை, நீட்டவும் முடியாது. அழைக்கும்போது ‘பூட்டே’ என்று மாற்றலாம், குழந்தைக்கே அது பிடிக்கவில்லை.

இங்கேதான் தமிழ் நமக்கு ஓர் உபகாரம் செய்கிறது. நாம் பெயரைக் கூப்பிடுவதில்லை, விளியைக் கூப்பிடுகிறோம். கருப்பன் கருப்பா ஆகிறான். ‘ன்’ என்று மூடிக்கொண்ட வாய் ‘ஆ’ என்று திறந்துகொள்கிறது. தூரத்தில் இருப்பவரை விளிக்கும்போது மாத்திரை அளவு கடந்து நீளும் என்று தொல்காப்பியமே சொல்லி வைத்திருக்கிறது. ஆகவே பெயர்களை எடைபோடும்போது ஏட்டில் இருக்கும் வடிவத்தை விட்டுவிட்டு, கூப்பிடும் வடிவத்தைத்தான் ஒப்பிட வேண்டும். ‘அன்’, ‘ஆன்’ என்று முடியும் பெயர்களுக்கு இந்த ‘ஆ’ இலவசமாகக் கிடைக்கிறது. டைகர், சீசர் போன்றவற்றுக்குக் கிடைப்பதில்லை. கடைசி ‘ர்’ஐ எவ்வளவு இழுத்தாலும் உறுமல்தான் வருகிறது.

கருப்பாவின் குறை முதல் பாதியில். இரண்டு குறில்கள், அவசரத்தில் ‘கர்ப்பா’ என்றே வாயில் வருகிறது. முதலிலும் நெடில் வைத்து, நடுவில் அதே வெட்டை வைத்து, ‘ஆ’வில் முடித்தால்? அப்படித் தேடியபோது ‘காட்டான்’ கிடைத்தது. கூப்பிடும்போது ‘காட்டா’. மறுநாள் அதே வெயிலில் தம்பியை மறுபடி நிறுத்தினோம். இருநூறில் அவன் எழுதியது ‘பாட்டா? ஆட்டா?’ என்று. முதல் மெய் போய்விட்டது, மற்றதெல்லாம் முழுசாக வந்து சேர்ந்திருந்தது. அதுதான் வேண்டியது.

எத்தனை அசை இருக்க வேண்டும் என்பதில் இன்னொரு தகராறு உண்டு, பழைய தகராறு. முதலாம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியர் கொலுமெல்லா, பண்ணை நாய்களின் பெயர் ரொம்ப நீளமாக இருக்கக் கூடாது, இரண்டு அசைக்குக் குறையவும் கூடாது என்கிறார். பிரிட்டனின் ஆட்டு நாய்க்காரர்கள் இதற்கு நேர் எதிர். கேப், மெக், நெல், மாஸ் என்று ஓரசையில்தான் வைப்பார்கள். இரண்டு பேரும் சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் வேலை வேறு. மந்தையைத் திருப்பும் நாய் ஏற்கெனவே ஆளைக் கவனித்துக்கொண்டிருக்கும். பெயர் அதற்கு ஒரு தட்டு மாதிரி, உடனே அடுத்த கட்டளை வரும், தூரம் கூடினால் விசில் வந்துவிடும். காவல் நாய் அப்படியல்ல. அது வேலிப் பக்கம் யாரையோ பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கும், நம் பக்கம் முதுகு. அதன் கவனத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். ஓரசையைத் தூரத்தில் கேட்டால் ஏதோ சத்தம் என்று விட்டுவிடும். இரண்டு அசையும் நடுவில் ஒரு வெட்டும் இருந்தால், அது தன்னுடைய சத்தம் என்று பிரித்தறிய ஒரு வடிவம் கிடைக்கிறது. மூன்று, நான்கு அசை வைத்தால் நாமே வெட்டிச் சுருக்கிவிடுவோம், அதுவும் வீட்டில் ஆளுக்கொரு விதமாக.

தூரத்தில் உயிர்கள்தான் மிஞ்சும் என்பதை ஒத்துக்கொண்டால், கட்டளைகளோடு மோதுகிறதா என்பதையும் உயிரை வைத்தே பார்க்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு இருந்த நாய்க்கு ஜிம்மி என்று பெயர், ஏவுவதற்கு ‘பிடி’ என்று பழக்கியிருந்தோம். ஒருநாள் பக்கத்துக் கன்றுக்குட்டி வரப்பில் ஏறியது, நாய் அதை நோக்கி ஓடியது. திரும்பி வரட்டும் என்று நான் “ஜிம்மி! ஜிம்மி!” என்று கத்தினேன். கத்தக் கத்த அது வேகமெடுத்தது. இ–இ, இ–இ. அதன் காதுக்கு நான் ‘பிடி பிடி’ என்று ஏவிக்கொண்டிருந்தேன். கன்றுக்குக் காதில் ஒரு கீறலோடு போயிற்று. ‘பிடி’யும் ‘விடு’வும்கூடச் சேர்ந்து இருக்கக் கூடாதவை, முதல் உயிர் ஒன்றேதான். இப்போது எங்கள் வீட்டில் விடுவிக்கும் சொல் ‘போதும்’.

அந்தக் கணக்கில் ஜீவா என்ற பெயரும் ஆகாது, ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் ‘வா’ உள்ளேயே இருக்கிறது. உட்கார்ந்திருக்கச் சொல்லும்போது பெயரைச் சேர்த்தால் எழுந்து வந்து நிற்கும். நீலிக்கும் ‘நில்’லுக்கும் இதே சிக்கல். காட்டாவும் ‘ஆ’வில்தான் முடிகிறது, ‘வா’வோடு குழம்பாதா என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. பழக்கிப் பார்த்ததில் குழம்பவில்லை. ‘வா’ ஒற்றைத் தட்டு, ‘காட்டா’ நடுவில் உடைந்த இரட்டைத் தட்டு. ஆனால் இரண்டையும் ஒட்டிச் சொல்லாமல் ஒரு மூச்சு இடைவெளி விடுகிறோம்.

இரண்டாவது நாய் வந்தால் மாரி என்றும் காரி என்றும் ஜோடி சேர்க்கும் ஆசை வரும். அந்த ஜோடி 100 மீட்டரில் ஒரே நாய். காட்டாவுக்குத் துணையாக வேறு உயிரில் தொடங்கும் பெயர்தான் வைக்க வேண்டும், எங்கள் பட்டியலில் இப்போதைக்கு ‘சோழி’ நிற்கிறது.

பெயர் பிடித்துவிட்டதா என்று பார்க்க, குட்டி வேறெதிலோ மும்முரமாக இருக்கும்போது ஒரே ஒரு முறை கூப்பிட வேண்டும். காது திரும்பி, பின்னாலேயே தலையும் திரும்பினால் சரி. காது மட்டும் அசைந்து தலை திரும்பாவிட்டால், கேட்டிருக்கிறது, ஆனால் தனக்கென்று தெரியவில்லை. எங்கள் குட்டி மூன்றாம் வாரத்தில் அம்மாவின் குரலுக்குத் தலை திருப்பியது, என் குரலுக்குக் காதோடு நிறுத்திக்கொண்டது. அம்மாவின் குரல் என்னுடையதைவிடச் சின்னது. இரண்டு நாள் கவனித்த பிறகுதான் பிடிபட்டது. நான் ‘காஆஆட்டா’ என்று முதல் அசையை இழுத்துவிட்டு முடிவை விழுங்கிக்கொண்டிருந்தேன், அம்மா ‘காட்டாஆஆ’ என்று வெட்டை முதலில் முடித்துவிட்டு வாலை இழுத்தார். மணி என்று வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை என்று சொல்லிக்கொண்டே எனக்குக் கூப்பிடக் கற்றுக்கொடுத்தார்.