சோபாவும் விரிப்பும் மட்டும் மாற வேண்டும்: ஒரு ஏற்காடு கூடம், மூன்று வழிகள்

வாடகைக்கு விடும் ஏற்காட்டு வீடு ஒன்றின் கூடத்தைக் காட்டும் புகைப்படத்தைக் கணினியில் திருத்த எடுத்துக்கொள்வோம். மெழுகு போட்டுத் தேய்த்த சிவப்பு ஆக்சைடு தரை. பின்சுவரை ஒட்டி, தரை வரை துணி தொங்கும் பழுப்பு நிற மூன்று இருக்கை சோபா. அதற்கு முன்னால் ஒரு சாண் தரை விட்டு, 5×7 அடியில் முடி அடர்ந்த கம்பளம். இடது பக்கப் பெரிய சன்னலின் வெளிச்சம் தரையின் மினுமினுப்பில் வெள்ளைப் பட்டையாகப் பிரதிபலித்து, கம்பளத்தின் இடது மூலை வரை வருகிறது. படம் 6000×4000 பிக்சல்.

இதில் சோபாவுக்குப் பதில் 15 செ.மீ. கால் வைத்த வெளிர்நிறப் பிரம்பு சோபாவும், கம்பளத்துக்குப் பதில் 4×6 அடி பவானி ஜமக்காளமும் வர வேண்டும். சுவர், சன்னல், தரையின் மினுமினுப்பு எதுவும் அசையக் கூடாது.

பெரியதை எடுத்துவிட்டுச் சிறியதை வைப்பதால்தான் இது கடினமான மாற்றம். முன்பு மறைந்திருந்த தரை வெளியே வருகிறது. சோபாவின் கால்களுக்கிடையே சுவரின் அடிப்பட்டை தெரிய வேண்டும். ஜமக்காளத்தைச் சுற்றி அரை அடித் தரை புதிதாக வேண்டும். அந்தத் தரை வெறும் சிவப்பு அல்ல, அதில் புது சோபா பிரதிபலிக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். பழைய சோபாவின் முன்னால் தரை கருப்பாக இருப்பதை எல்லோரும் நிழல் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பாதிதான் நிழல். மீதி, வெளிர்ச் சுவர் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு சோபா பிரதிபலிப்பதால் வந்த கருமை. வெளிர்நிற சோபா வந்தால் நிழல் ஏறக்குறைய அப்படியே இருக்கும், பிரதிபலிப்புக் கருமை போய்விடும். பழைய கருமையை அப்படியே விட்டுவிட்டால், ‘நிழலைக் காப்பாற்றிவிட்டோம்’ என்று நினைத்துப் பழைய சோபாவின் ஆவியைக் காப்பாற்றியதாக ஆகும்.

கட்டளை சொல்லி முழுப் படத்தையும் மாற்றுவது

ஃபிளக்ஸ் கான்டெக்ஸ்ட் போன்ற, படம் வரையும் ஏஐ மாடல்களிடம் படத்தைக் கொடுத்து, ‘சோபாவையும் கம்பளத்தையும் மட்டும் இப்படி மாற்று, மற்றதைத் தொடாதே’ என்று எழுதும் வழி இது. அறை முழுவதையும் ஒன்றாகப் பார்ப்பதால், வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எவ்வளவு மென்மை என்பதை இந்த வழி பெரும்பாலும் சரியாகவே பிடிக்கும். காலடி நிழலும் தானாகவே வந்துவிடும்.

‘தொடாதே’ என்ற சொல்லுக்குத்தான் இங்கே மதிப்புக் குறைவு. மாடல் படத்தின் ஒரு பகுதியைத் திருத்துவதில்லை, முழுப் படத்தையும் புதிதாக வரைகிறது. சுவரில் மாட்டிய படத்தின் முகம் மாறும், சுவிட்ச் போர்டில் பொத்தான் கூடும் குறையும், சன்னலுக்கு வெளியே இருந்த சவுக்கு மரம் இடம் மாறும். கூடவே அளவும் அடிபடும். கான்டெக்ஸ்ட் சுமார் ஒரு மெகாபிக்சலில், அதாவது 3:2 படத்துக்கு 1248×832-இல் வேலை செய்கிறது. மூலத்தில் 2400 பிக்சல் அகலமிருந்த சோபா 500 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். பிரம்புப் பின்னல் அந்த அளவில் நிற்காது. பிறகு பெரிதாக்கினால் கிடைப்பது பின்னல் மாதிரியான ஒரு கோலம்.

மாறிய பகுதியை மட்டும் வெட்டி மூலத்தின் மேல் ஒட்டலாமே என்றால் ஒட்டலாம். ஆனால் புதுப் படத்தின் சட்டகம் சில பிக்சல் நகர்ந்தோ பெரிதாகியோ வருவது வழக்கம். போட்டோஷாப்பில் `Auto-Align Layers` கொடுத்துச் சேர்க்காமல் ஒட்டினால் சுவரின் அடிப்பட்டை இரட்டைக் கோடாகத் தெரியும்.

மாஸ்க் போட்டு அந்த இடத்தை மட்டும் நிரப்புவது

போட்டோஷாப்பின் `Generative Fill`, ஃபிளக்ஸ் ஃபில், ஸ்டேபிள் டிஃப்யூஷனின் இன்பெயின்டிங் எல்லாம் இந்த வகை. மாற வேண்டிய இடத்தை மாஸ்க்காகக் குறித்துவிட்டு, அதற்கு வெளியே இருப்பதை அப்படியே வைக்க முடிவதுதான் இதன் பலம். மாஸ்க்கைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேலை செய்தால் அளவும் அவ்வளவாக அடிபடாது. 3000×2000 துண்டு 1248×832 ஆகும்போது 2.4 மடங்குதான் சுருங்குகிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷனை இயக்கும் ஏ1111 போன்ற இடைமுகத்தில் `Only masked` தேர்வு செய்வது இதைத்தான்.

தவறு பெரும்பாலும் மாஸ்க்கை வரைவதில்தான் நடக்கிறது. சோபாவின் ஓரத்தை ஒட்டி அழகாக வரைந்துவிட்டு, தரையில் கிடக்கும் பழைய பிரதிபலிப்பை வெளியே விட்டுவிடுகிறார்கள். மாடலும் அந்தக் கருமையைப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி துணி தொங்கும் சோபாவையே திரும்ப வரைந்து கொடுக்கும். சோபாவோடு அது தரையிலும் சுவரிலும் உண்டாக்கிய எல்லாமும் மாஸ்க்குக்குள் வர வேண்டும். எவ்வளவு தூரம் என்பதற்குக் கணக்கு எளிது: கேமராவைச் சாய்க்காமல் நேராக வைத்து எடுத்த படத்தில், ஒரு பொருளின் முன்முகம் எவ்வளவு உயரமோ அதே நீளத்துக்குத் தரையில் அதன் பிரதிபலிப்பு கீழே இறங்கும். சோபாவின் முன்முகம் 900 பிக்சல் உயரம் என்றால் அடிக்கோட்டிலிருந்து 900 பிக்சல் வரை அதன் பாதிப்பு உண்டு. நடுவில் கம்பளம் மறைக்கும் இடத்தில் மட்டும் தெரியாது.

இரண்டாவது சிக்கல், கொடுத்த மாஸ்க் முழுவதையும் சோபாவாலேயே நிரப்பப் பார்க்கும் குணம். பெரிய மாஸ்க் கொடுத்துச் சின்ன சோபா கேட்டால் கிடைக்காது. அதனால் இரண்டு சுற்றாகப் போக வேண்டும். முதல் சுற்றில் சோபா, கம்பளம் இரண்டையும் நீக்கி வெறும் தரையை வாங்குங்கள். இந்தச் சுற்றில் மாடல் ரெட் ஆக்சைடு தரையில் டைல்ஸ் இணைப்புக் கோடு போட்டுவிடும் வாய்ப்பு உண்டு, பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டாம் சுற்றில் புது சோபாவின் வடிவத்துக்கும் அதன் பிரதிபலிப்புக்கும் மட்டும் மாஸ்க் போடுங்கள். ஜமக்காளத்தைத் தனியாக வையுங்கள்.

மாஸ்க்கின் ஓரமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. சோபாவின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் 2, 3 பிக்சல் மென்மை போதும். தரையில் நிழல் கரையும் இடத்தில் 60 முதல் 100 பிக்சல் வேண்டும். ஒரே அளவு கொடுத்தால் மேலே புகை மாதிரி இருக்கும், அல்லது கீழே கத்தரித்த மாதிரி இருக்கும்.

‘மாஸ்க்குக்கு வெளியே மாறாது’ என்பதிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்கள் படத்தைச் சுருக்கி, பிறகு விரிக்கின்றன. அந்தப் பயணத்தில் மாஸ்க்குக்கு வெளியே உள்ள பிக்சலும் லேசாக மாறும். கடைசியில் மூலத்தை மேலே திரும்ப ஒட்டுவது கட்டாயம். மூலம், திருத்தியது, மாஸ்க் ஆகிய மூன்று கோப்பும் ஒரே அளவு, மாஸ்க்கில் வெள்ளை மாறிய இடம் என்றால், இமேஜ்மேஜிக் நிரலில் இந்த இரண்டு கட்டளைகள் போதும்:

```
magick original.png edited.png mask.png -composite final.png
magick original.png final.png -compose difference -composite -evaluate multiply 20 diff.png
```

`diff.png` மாஸ்க்குக்கு வெளியே முழுக் கருப்பாக இருக்க வேண்டும். புள்ளி தெரிந்தால் மாஸ்க் அங்கே முழுக் கருப்பாக இல்லை, அல்லது நடுவில் யாரோ மாஸ்க்கை ஜேபெக்காகச் சேமித்திருக்கிறார்கள்.

லேயர் லேயராகக் கையால் அமைப்பது

வாங்கப்போகும் சோபா இன்னது, ஜமக்காளம் இன்னது என்று முடிவாகிவிட்டால் இந்த வழிதான். மாடல் வரையும் ஜமக்காளத்தில் பட்டைகளின் எண்ணிக்கையும் நிறவரிசையும் அதன் இஷ்டம்; பவானியில் நெய்ததைப் பார்த்தவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

ஜமக்காளத்தைக் கிடத்த டைல்ஸ் கோடுகளின் உதவி இந்தத் தரையில் இல்லை. ஆனால் பழைய கம்பளம் இருக்கிறது, அதன் அளவும் தெரியும். 7:5 விகிதத்தில் ஒரே நிறம் நிரப்பிய ஒரு சட்டகம் எடுத்து, அதன் நடுவில் நான்கு பக்கமும் அரை அடி விட்டு 6×4 ஜமக்காளப் படத்தை வையுங்கள். மொத்தத்தையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி, `Distort` கொண்டு சட்டகத்தின் நான்கு மூலைகளைப் பழைய கம்பளத்தின் நான்கு மூலைகளில் பொருத்துங்கள். கோணம், அளவு இரண்டும் ஒருசேரச் சரியாகும். பிறகு ஸ்மார்ட் ஆப்ஜெக்டைத் திறந்து சட்டகத்தின் நிறத்தை மட்டும் மறைத்துவிடுங்கள். கம்பளத்தின் முடி தரையிலிருந்து உயர்ந்திருக்கும், ஆகவே மூலைகளை முடியின் நுனியில் எடுக்காமல் தரையைத் தொடும் இடத்தில் எடுக்க வேண்டும்.

ஜமக்காளம் மெல்லியது, தட்டையானது. ஓரத்தில் நிழல் என்பது மயிரிழைக் கோடு அளவுதான். பழக்கத்தில் `Drop Shadow` போட்டால் ஜமக்காளம் மிதக்கும். இன்னொன்று, சன்னல் வெளிச்சத்தின் வெள்ளைப் பட்டை பருத்தி மேல் ஏறாது. பட்டை ஜமக்காளத்தின் ஓரத்தில் நின்றுவிட வேண்டும், கம்பளம் விலகிய அரை அடித் தரையில் மட்டும் தொடர வேண்டும்.

சோபாவின் பிரதிபலிப்பை, படத்தைத் தலைகீழாக்கிக் கீழே ஒட்டி முடித்துவிடுகிறார்கள். நேராக நிற்கும் முன்பலகைக்கும் கால்களுக்கும் அது சரி. இருக்கையின் மேல்பக்கத்துக்குத் தவறு, ஏனென்றால் தரை பார்ப்பது சோபாவின் அடிப்பக்கத்தை. மெத்தையின் மேற்பரப்பு பிரதிபலிப்பில் தெரியவே கூடாது. காலின் பிரதிபலிப்பு கால் தரையைத் தொடும் புள்ளியில் தொடங்க வேண்டும். முன்பலகையின் பிரதிபலிப்பு ஒரு கால் நீளம் தள்ளித் தொடங்க வேண்டும், நடுவில் தெரிவது இருண்ட அடிப்பக்கம். மெழுகுத் தரை கண்ணாடி அல்ல என்பதால், காலருகே கூர்மையாகவும் கீழே போகப் போக மங்கலாகவும் ஆக்குங்கள். கலங்கல் ஒரே சீராக இருந்தால் தரை ஈரமானது போலத் தோன்றும்.

லேயர் வரிசையில் வெறும் தரை கீழே, அதன் மேல் நிழல் `Multiply`, அதற்கு மேல் பிரதிபலிப்பு. நிழல் தரையின் சொந்த நிறத்தை மட்டுமே இருட்டாக்குகிறது, பளபளப்பின் மேல் விழும் பிரதிபலிப்பைத் தொடுவதில்லை. வரிசை மாறினால் சன்னல் பட்டையும் நிழலில் மங்கிப்போகும். பட்டையைத் தனி லேயராக எடுத்து நிழலுக்கு மேல் வைப்பது நல்லது. பிரதிபலிப்பு லேயரை `Screen`-இல் போட்டால் அங்கே ஏற்கெனவே தெரியும் சுவரின் பிரதிபலிப்போடு கூடி அதிக வெளுப்பாகும். `Normal`-இல் 15 முதல் 25 விழுக்காடு `Opacity` வைத்துத் தொடங்கினால் பழையதை மறைப்பதும் புதியதைக் காட்டுவதும் ஒன்றாக நடக்கும்.

எதற்கு எது

வாடிக்கையாளர் நிறம் தேர்ந்தெடுக்கவே இன்னும் தயங்குகிறார் என்றால் முதல் வழி போதும். ஐந்து சோபாவை ஒரு மாலையில் காட்டிவிடலாம். முன்பதிவுத் தளத்தில் போடும் படத்துக்கு அது ஆகாது, வாங்காத சோபாவை அங்கே போடுவதும் ஆகாது. பொருள் முடிவாகாமல் படம் மட்டும் துல்லியமாக வேண்டுமென்றால் இரண்டாம் வழி, இரண்டு சுற்றாக. பொருள் கையில் இருந்தால் மூன்றாவது. ஆனால் வெறும் தரையை உண்டாக்க மட்டும் இரண்டாம் வழியின் முதல் சுற்றைக் கடன் வாங்குங்கள், அதைக் கையால் செய்வது வீண் உழைப்பு. முதல் வழியின் படத்தையும் தூக்கிப் போடாமல் பக்கத்தில் திறந்து வைத்தால், நிழல் எந்தப் பக்கம் எவ்வளவு கரைய வேண்டும் என்பதற்கு நல்ல மாதிரி.

வீட்டுக்கு மறுபடி போக முடியுமென்றால் இவை எல்லாவற்றையும் விட மலிவான ஒன்று இருக்கிறது. டிரைபாடை அசைக்காமல், எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் மேனுவலில் பூட்டி, சோபாவும் கம்பளமும் இருக்க ஒரு படம், எடுத்துவிட்டு ஒரு படம். உண்மையான வெறும் தரை கையில் வந்துவிடும், இரண்டையும் ஒப்பிட்டால் பழைய நிழல் எங்கே முடிகிறது என்பதும் தெரியும். சேலத்தில் வெயில் நின்று நிதானமாக நகரும். ஏற்காட்டில் மூடுபனி சில நிமிடங்களில் சன்னலை வெளுக்க வைத்துவிடும், ஆகவே சோபாவைத் தூக்க இரண்டு பேரைத் தயாராக நிறுத்திவிட்டே முதல் படத்தை எடுங்கள்.